மொழிபெயர்க்காமல் விட்ட கற்கள்

ஒரு மனிதர் என்னை நம்பிக் கொடுத்த கடிதத்தில் மூன்று வாக்கியங்களை நான் வேண்டுமென்றே மொழிபெயர்க்காமல் விட்டேன். விட்ட பிறகு, 'இது தமிழ் மூலத்தின் முழுமையான, உண்மையான மொழிபெயர்ப்பு' என்று அதன் அடியில் ஆங்கிலத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மறதியால் நேர்ந்தது அல்ல. கண் தெரியாமல் நேர்ந்ததும் அல்ல. அந்த மூன்று வாக்கியங்களையும் இரண்டு தடவை படித்துவிட்டுத்தான் விட்டேன்.

கல்லூரியில் ஆங்கிலம் கற்பித்து ஓய்வு பெற்றவன் நான். குடவாசலில் ஒரு நோட்டரி வக்கீலின் அலுவலகத்தில் மாலை நேரங்களில் உட்கார்ந்திருப்பேன். வெளிநாடு போகிறவர்களும் போய் வந்தவர்களும் பிறப்புச் சான்று, திருமணச் சான்று, வாரிசுச் சான்று என்று கொண்டுவருவார்கள். நான் ஆங்கிலத்தில் எழுதித் தருவேன். வக்கீல் முத்திரை குத்துவார். ஓய்வூதியம் இருந்தது, கொஞ்சம் நிலம் இருந்தது, பிழைப்புக்காகப் போகவில்லை. 'சார் எழுதினா மறு கேள்வி வராது' என்று ஊரில் சொல்வார்கள். அந்தச் சொல்லுக்காகத்தான் போனேன் என்று இப்போது தோன்றுகிறது.

மாசி மாதம் ஒருநாள், இடது கையில் மாவுக்கட்டோடு ஒருவர் வந்தார். நாற்பது வயதுக்குள் இருக்கும். நன்னிலம் பக்கத்து ஊர். சிங்கப்பூரில் கட்டுமானத் தளத்தில் பாரம் தூக்கும் இயந்திரத்துக்குக் கயிறு கட்டுகிற வேலை. மகளுக்குக் காது குத்துவதற்காக விடுமுறையில் வந்தவர், மைத்துனரின் மோட்டார் சைக்கிளில் பத்திரிகை வைக்கப் போன இடத்தில் விழுந்திருக்கிறார். மணிக்கட்டில் எலும்பு முறிவு. தஞ்சாவூரில் ஒரு தனியார் மருத்துவமனையில் கம்பி வைத்துக் கட்டி அனுப்பியிருந்தார்கள்.

"ஊருக்குப் போற ஆளுகளுக்கு எங்க கம்பெனியே இன்சூரன்ஸ் போட்டுக் குடுக்கும் சார். அங்க உள்ள இன்சூரன்ஸ். ஆஸ்பத்திரிச் செலவு குடுப்பாங்களாம். என்ன நடந்துச்சுன்னு இங்கிலீஷ்ல எழுதிக் கேக்குறாங்க. எனக்கு தமிழ்லதான் ஒழுங்கா வரும். எழுதிட்டேன். நீங்க மாத்திக் குடுங்க."

மருத்துவமனைக் காகிதங்கள் ஆங்கிலத்தில்தான் இருந்தன; மொழிபெயர்க்க வேண்டியதில்லை என்று அவற்றை நான் படிக்கவில்லை. காவல் நிலையத்தில் மனு கொடுத்ததற்கான ரசீது தமிழில் இருந்தது. 'மோட்டார் சைக்கிளிலிருந்து தவறி விழுந்து காயம்' என்பதற்கு மேல் அதில் எதுவும் இல்லை. மற்றது அவர் கைப்பட எழுதிய ஒரு பக்கக் கடிதம்.

நல்ல கடிதம். கூட்டியும் சொல்லவில்லை, குறைத்தும் சொல்லவில்லை. தலைக்கவசம் போட்டிருந்தேன், ஓட்டுநர் உரிமம் இருக்கிறது, குடிக்கவில்லை என்று வரிசையாக எழுதியிருந்தார். எந்த வாய்க்கால் பாலம், எந்தப் பக்கம் போய்க்கொண்டிருந்தேன், எதிரே பேருந்து வந்தது, ஒதுங்கினேன் என்று எழுதியிருந்தார். அதற்குப் பிறகு அந்த மூன்று வாக்கியங்கள்:

'சாலையின் பாதியில் நெல் காயப்போட்டிருந்தார்கள். வண்டிகள் நெல்லின் மேல் ஏறாமலிருக்கச் சுற்றிலும் கற்களை வரிசையாக வைத்திருந்தார்கள். பொழுது சாய்ந்துவிட்டதால் கல் தெரியவில்லை, முன்சக்கரம் ஒரு பெரிய கருங்கல்லில் ஏறி விழுந்தேன்.'

அந்த வாய்க்கால் பாலத்துக்கு அருகே அன்று காய்ந்தது என் நெல்.

தை மாதம் கடைசியில் அறுவடை சமயத்தில் பெய்த மழையை எங்கள் பக்கத்தில் யாரும் மறந்திருக்கமாட்டார்கள். இயந்திரம் அறுத்துக் கொட்டிய நெல் கையில் ஒட்டியது. கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் பதினேழைத் தாண்டினால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். எங்கள் ஊரில் எல்லோரும் செய்வதை நானும் செய்தேன். தார்ச்சாலையில் பாதியை எடுத்துக்கொண்டேன். ஆட்கள் செங்கல் துண்டுகளை வைத்தார்கள். ஒரு சிற்றுந்து ஓரத்து நெல்லை நசுக்கிக்கொண்டு போனதைப் பார்த்து எனக்குக் கோபம் வந்தது. "இதுக்கெல்லாம் பயப்படமாட்டான். பெரிசா ஒன்னு வைங்க" என்று சொல்லி, இடிந்துபோன மோட்டார் கொட்டகையின் படிக்கல்லை நானே காட்டினேன். இரண்டு பேர் அதைப் புரட்டிக்கொண்டு வந்தார்கள். நெல்லின் முனையில், சாலையின் நடுவுக்குச் சற்று உள்ளே, எங்கே வைக்கவேண்டும் என்று காலால் தட்டிக் காட்டினதும் நான்தான். பிறகு வீட்டுக்குப் போய்விட்டேன்.

அன்று மாலை வேலையாள் வந்து சொன்னான். "யாரோ வெளியூருக்காரரு நம்ம கல்லுல ஏறி விழுந்துட்டாருங்க. ஆட்டோல ஏத்தி அனுப்பிட்டோம். லேசான அடிதான். கல்ல எல்லாம் எடுத்து ஓரமாப் போட்டாச்சு." யார், எந்த ஊர், எந்த மருத்துவமனை என்று நான் கேட்கவில்லை. நெல் எவ்வளவு காய்ந்திருக்கிறது என்றுதான் கேட்டேன்.

அந்த வெளியூர்க்காரர் இப்போது என் எதிரே, மாவுக்கட்டை மேசைமேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நெல் யாருடையது என்று அவருக்குத் தெரியாது.

"எழுதுனதுல எதாவது தப்பு இருக்கா சார்? ரொம்ப நேரமாப் பாக்குறீங்களே?"

"இல்லப்பா. நல்லா எழுதியிருக்கீங்க" என்றேன்.

'எதிரே வந்த பேருந்துக்கு வழிவிட ஒதுங்கியபோது வண்டி கட்டுப்பாட்டை இழந்து விழுந்தேன்' என்று ஆங்கிலத்தில் எழுதினேன். நெல் இல்லை, கல் இல்லை. அப்போது எனக்கு நானே சொல்லிக்கொண்ட சமாதானங்களையும் எழுதிவிடுகிறேன். சாலையில் நெல் காயப்போடுவது வெளிநாட்டுக்காரனுக்குப் புரியாது. வீணாகக் கேள்வி கேட்பான். அந்த மனிதருக்குத்தான் தாமதமாகும். விழுந்தது உண்மை, முறிந்தது உண்மை, அது போதும். எல்லாம் நன்றாகத்தான் இருந்தன. உண்மையான காரணம் ஒன்றுதான். ஒரு வெளிநாட்டு நிறுவனத்தின் கோப்பில், காவல் நிலையத்து ரசீதோடு சேர்ந்து, என் கல் இருக்கக்கூடாது என்று நினைத்தேன்.

வக்கீல் எப்போதும்போலப் படிக்காமல் முத்திரை குத்தினார். தமிழ் மூலத்தின் நகலையும் சேர்த்து அனுப்பவேண்டும் என்பது விதி. சேர்த்தோம். அங்கே அந்தப் பக்கத்தை யார் படிக்கப்போகிறார்கள் என்று நினைத்தேன். சிங்கப்பூரில் தமிழ் ஆட்சிமொழிகளில் ஒன்று என்பதை மாணவர்களுக்குப் பலமுறை சொல்லியிருக்கிறேன். அந்த நேரத்தில் அது எனக்கு நினைவுக்கு வரவில்லை.

இரண்டு வாரம் கழித்து அவர் ஒரு தாளோடு வந்தார். கம்பெனிக்கு மின்னஞ்சலில் வந்ததை அவருக்கு அனுப்பியிருந்தார்கள். ஜெராக்ஸ் கடையில் அச்செடுத்து, கட்டை அவிழ்த்த கையில் துணி சுற்றிக்கொண்டு வந்தார்.

"பதில் போட்டிருக்காங்க சார். என்னன்னு பாருங்க."

மரியாதையான கடிதம்தான். மருத்துவமனையின் விபத்துப் பதிவில், சாலையில் வைக்கப்பட்டிருந்த கல்லில் சக்கரம் ஏறி விழுந்ததாக நோயாளி சொன்னதாய் எழுதப்பட்டிருக்கிறது. உங்கள் ஆங்கில வாக்குமூலத்தில் கல் இல்லை. உங்கள் தமிழ்க் கடிதத்திலுள்ள மூன்று வாக்கியங்கள் மொழிபெயர்ப்பில் இல்லை. இரண்டிலும் உங்கள் கையெழுத்து உள்ளது. இந்த வேறுபாட்டுக்குப் பதினான்கு நாட்களுக்குள் எழுத்துமூலம் விளக்கம் தரவும். வேண்டுமென்றே தவறான விவரம் தந்ததாகத் தெரிந்தால் கோரிக்கை நிராகரிக்கப்படும், உங்கள் நிறுவனத்துக்கும் தெரிவிக்கப்படும்.

கடைசி வரிதான் முக்கியம். அவருடைய வேலை அனுமதியை ஆண்டுக்கு ஆண்டு புதுப்பித்துக்கொடுப்பது அந்தக் கம்பெனி. பொய்க் கணக்குக் கொடுத்த ஆள் என்று பெயர் போய்ச் சேர்ந்தால் அடுத்த ஆண்டு யாரும் புதுப்பிக்கப்போவதில்லை. எனக்கு அது தெரிந்தது. தாளை மடித்தேன்.

"என்ன சார்?"

"ஒன்னுமில்ல. இன்னொரு கையெழுத்து கேக்குறாங்க. நான் எழுதி வைக்கிறேன், நாலு நாள் கழிச்சு வாங்க."

"அவ்வளவுதானா! வீட்டுல ராத்திரியெல்லாம் தூங்கல சார் அது. இருங்க, டீ சாப்புட்டுப் போவோம்."

எதிர்க் கடைக்குக் கூட்டிக்கொண்டு போனார். நான் காசு எடுக்குமுன் அவரே கொடுத்தார். என் தம்ளரை வலது கையால் எடுத்து நீட்டினார். தம்முடையதை எடுக்க இடது கையைக் கொண்டுபோனவர், விரல் மடங்காமல், பிறகு மறுபடி வலது கையாலேயே எடுத்துக்கொண்டார். அந்தத் தேநீரை நான் குடித்தேன். மூன்று வாக்கியங்களை விட்டது ஒரு தப்பு. அதைவிடப் பெரிய தப்பு இது.

மறுநாள் காலை முதல் பேருந்தில் ஏறி அவருடைய ஊருக்குப் போனேன். இரவில் என்ன யோசித்தேன் என்பதெல்லாம் வேண்டாம். சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன், போனேன்.

வீட்டு வாசலில் அவர் மனைவி அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து, "வாங்கய்யா, வாங்க. இவ்வளவு தூரம் நீங்க வரணுமா? ஒரு போன் பண்ணியிருந்தா அவரே வந்திருப்பாரே" என்றார். நாற்காலியைக் கொண்டுவந்து போட்டார். நான் உட்காரவில்லை. கணவர் உள்ளேயிருந்து வந்ததும் நின்றபடியே சொன்னேன். நெல் என்னுடையது. பெரிய கல்லை அங்கே வைக்கச் சொன்னது நான். கடிதத்தில் அந்த இடத்தை விட்டது நான். நேற்று வந்த தாளில் கையெழுத்து ஒன்றும் கேட்கவில்லை, விளக்கம் கேட்கிறார்கள். நான் பொய் சொன்னேன்.

அவர் தம் இடது மணிக்கட்டைத் தடவிக்கொண்டார். பிறகு மெதுவாக, "போன்ல போட்டுப் பாத்தேன் சார்" என்றார்.

"எதை?"

"அந்த லெட்டரைத்தான். போட்டோ எடுத்தா தமிழ்ல காட்டும்ல. கல்லு, மூனு வாக்கியம் காணோம், அப்படின்னு அரைகுறையா வந்துச்சு. உங்ககிட்ட வர்றதுக்கு முந்தியே பாத்துட்டேன். நீங்க கையெழுத்துன்னு சொன்னீங்க. சரி, போன்தான் தப்பாச் சொல்லுது, சார் சொல்றதுதான் சரியா இருக்கும்னு நெனச்சேன்."

அவர் கோபமாகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னார். அவ்வளவுதான்.

கோபப்பட்டது அவர் மனைவி. முறத்தைக் கீழே வைத்துவிட்டு வந்தார். "ஏன்யா, இத்தன வயசுல, இத்தன படிப்புல, ஒரு கல்லுக்குப் பயந்தீங்களா? 'என் நெல்லுதாம்பா, தெரியாம நடந்துபோச்சு'ன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா இவரு என்ன கேசா போட்டிருப்பாரு? ரோட்டுல நெல்லு காயப்போடாதவன் இந்த ஊருல எவன் இருக்கான்? எங்கப்பாவே போடுவாரு!"

"அக்கம்பக்கம் கேக்குது" என்றார் அவர்.

"கேக்கட்டும். வேல போச்சுன்னா அக்கம்பக்கம் வந்தா சோறு போடும்?" என்னைப் பார்த்துத் திரும்பினார். "சரி. வந்து சொல்லிட்டீங்க. சொன்னா முடிஞ்சுபோச்சா? இப்ப என்ன பண்ணப் போறீங்க?"

"முழுசா மறுபடி மொழிபெயர்க்கிறேன். விட்டது நான்தான், இவருக்குத் தெரியாதுன்னு பத்திரத்துல எழுதி, நோட்டரி முன்னாடி சத்தியம் பண்ணிக் குடுக்குறேன். போலீஸ் ஸ்டேஷன்லயும் எழுதிக் குடுக்குறேன்."

"எப்ப?"

"இன்னைக்கே."

"அப்ப உக்காந்து காப்பி குடிச்சிட்டுப் போங்க" என்றார். முகத்தில் சிரிப்பு இல்லை. காப்பி வந்தது. இந்தத் தடவை அவர் மனைவி எனக்கு எதிரிலேயே நின்றார், நான் குடித்து முடிக்கும்வரை.

காவல் நிலையத்தில் எழுத்தர் ஏட்டு என் மனுவைப் படித்துவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"சார், இது எதுக்கு? அவரு உங்க மேல புகார் குடுக்கல. வேற வண்டி எதுவும் மோதல. இது முடிஞ்சுபோன விஷயம்."

"நெல்லும் கல்லும் என்னோடதுன்னு பதிவாகணும்."

"நெல்லு காயப்போட்டதுக்குக் கேசுன்னா, ஜில்லாவுல பாதிப் பேரை உள்ள வைக்கணும் சார். எங்க மாமனார்ல இருந்து ஆரம்பிக்கணும்."

"கேசு போடுறதும் போடாததும் உங்க இஷ்டம். இந்த மனுவை வாங்கிக்கிட்டு நகல்ல முத்திரை வச்சுக் குடுங்க. இல்லாட்டி தபால்ல அனுப்புவேன்."

அவர் பெருமூச்சு விட்டார். நான் மர பெஞ்சில் உட்கார்ந்தேன். இடையில் இரண்டு பேர் மாட்டுச் சண்டைக்கு வந்தார்கள், ஒருவர் தொலைந்துபோன பைக்கைக் கேட்டு வந்தார். மதியச் சாப்பாட்டுக்கு எல்லோரும் போய் வந்தார்கள். நான் நகரவில்லை. கடைசியில் ஏட்டு, "பெரியவரே, உங்க பிடிவாதத்துக்காக" என்று சொல்லி, மனுவைப் பழைய ரசீதோடு சேர்த்துத் தைத்து, நகலில் முத்திரை வைத்துக் கொடுத்தார்.

வக்கீல்தான் கடினமாக இருந்தார். நியாயம்தான். முதல் மொழிபெயர்ப்பில் அவருடைய முத்திரை இருந்தது.

"புரொபசர், உங்களுக்கு என்ன ஆச்சு? 'சாரி, டைப்பிங்ல விட்டுப்போச்சு'ன்னு ஒரு வரி எழுதுங்க. முடிஞ்சுது. டைப்பிங்ல விடாதவன் எவன்?"

"டைப்பிங்ல விடலையே."

"அவங்களுக்குத் தெரியவா போகுது?"

"போன தடவையும் நான் அப்படித்தான் நெனச்சேன்."

"அதுல என் சீலும் இருக்கு சார்! நீங்க சத்தியம் பண்ணி 'வேண்டுமென்றே'ன்னு எழுதுனா, நான் படிக்காம குத்துனேன்னு ஆயிடும்."

"படிக்காமதான குத்துனீங்க."

அவர் மின்விசிறியை நிமிர்ந்து பார்த்தார். அவர் கெட்டவர் அல்ல. ஏழு ஆண்டுகள் ஒரே மேசையில் உட்கார்ந்திருந்தோம். "நீங்க மொழிபெயர்த்தவரு. உங்க கையெழுத்த நான் அத்தாட்சி பண்ணுறேன், அவ்வளவுதான் என் வேல. உள்ளடக்கத்துக்கு நான் பொறுப்பில்ல" என்றார் தமக்குத் தாமே. பிறகு முத்திரைத் தாளை இழுத்து முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை வாசித்தார். அவர் வாசித்து நான் பார்த்தது அதுதான் முதல்முறை. குத்தினார். "இனிமே இந்த வேலைக்கு வேற ஆளு பாத்துக்கறேன் புரொபசர்" என்றார். சரி என்றேன்.

அந்தச் சத்தியப் பத்திரத்தில் அலங்காரம் எதுவும் செய்யவில்லை. கோரிக்கையாளருக்கு ஆங்கிலம் வாசிக்கத் தெரியாது. அவர் தமிழில் எழுதியது முழுவதும் உண்மை. மருத்துவமனையில் சொன்னதும் அதுவே. விடுபட்ட வாக்கியங்களை விட்டவன் நான். காரணம், அந்த நெல் என்னுடையது, அந்தக் கல்லை வைக்கச் சொன்னவன் நான். புதிய மொழிபெயர்ப்பில் நெல்லும் கல்லும் அவர் எழுதிய இடத்திலேயே வந்தன. காவல் நிலையத்து நகலையும் மொழிபெயர்த்துச் சேர்த்தேன். முடித்தபின் ஒவ்வொரு வாக்கியத்தையும் அவருக்குத் தமிழில் திருப்பிச் சொன்னேன். அவர் தம் மூலத்தில் விரலை வைத்துக்கொண்டு பின்தொடர்ந்தார். பிறகுதான் கையெழுத்துப் போட்டார். முதல் தடவையே இப்படித்தான் செய்திருக்கவேண்டும். எந்த மொழிபெயர்ப்பாளனும் இப்படித்தான் செய்யவேண்டும்.

கெடுவுக்குள் போய்ச் சேர்ந்தது. பத்து நாள் கழித்து ஒரு பிற்பகலில் என் கைபேசி அடித்தது. வெளிநாட்டு எண். ஒரு பெண் குரல், நல்ல தமிழில்.

"வணக்கம் ஐயா. இன்சூரன்ஸ் க்ளெய்ம் பிரிவுல இருந்து பேசுறேன். உங்க சத்தியப் பத்திரம் வந்துச்சு. சில கேள்வி கேக்கணும், இந்த அழைப்பு பதிவாகுது. பரவாயில்லையா?"

"கேளுங்கம்மா. முதல்ல அந்த வித்தியாசத்தைக் கண்டுபிடிச்சது நீங்களா?"

"ஆமா ஐயா. தமிழ்ப் பக்கம் கூட வந்துச்சு. வந்தா படிச்சிடுவேன்." பிறகு சேர்த்துச் சொன்னார்: "அவரு கையெழுத்து அழகா இருந்துச்சு."

கல் எந்த அளவு, யார் வைத்தது, எத்தனை மணிக்கு, விளக்குக் கம்பம் உண்டா, நெல் சாலையில் எத்தனை அடி இருந்தது என்று கேட்டார். தெரிந்ததைச் சொன்னேன், தெரியாததைத் தெரியாது என்றேன்.

"வாக்கியம் விட்டுப்போனது அவருக்கு எப்ப தெரியும்?"

"நான் அவரு வீட்டுக்குப் போய்ச் சொன்னப்பதான். அதுக்கு முந்தி போன் சொல்லியிருக்கு. அவரு போனை நம்பல, என்னை நம்பிட்டாரு."

அந்தப் பக்கம் விசைப்பலகைச் சத்தம் கேட்டது.

"சரி ஐயா. இன்னொன்னு சொல்றது என் கடமை. நாங்க அவருக்குக் குடுத்தா, விபத்துக்குக் காரணமானவங்ககிட்ட அதைத் திருப்பிக் கேக்க எங்களுக்கு உரிமை இருக்கு. நீங்களே எழுத்துல குடுத்திருக்கீங்க. கேப்போமா இல்லையான்னு நான் முடிவு பண்ண முடியாது. வேற பிரிவு பாக்கும்."

"கேக்கட்டும். என் முகவரி பத்திரத்துலயே இருக்கு."

"பாத்தேன் ஐயா" என்றார்.

மருத்துவமனைச் செலவு அவருக்குக் கிடைத்தது. நிராகரிப்பு இல்லை; கம்பெனிக்கு எந்தப் புகாரும் போகவில்லை. பயணத்தைத் தள்ளிப்போட்ட விமானச் சீட்டு வித்தியாசத்தை மட்டும் கொடுக்கவில்லை. அந்தத் தேதியில் பறக்க உடல்நிலை சரியில்லை என்று மருத்துவரிடம் சான்று வாங்கியிருக்கவில்லை. அந்தப் பணத்தை நான் தருகிறேன் என்று போனேன். அவர் வேண்டாம் என்றார். அவர் மனைவி, "குடுத்தா வாங்குங்க. அவரு தர்றது தானமில்ல, கல்லு விலை" என்று சொல்லி என் கையிலிருந்து உறையை வாங்கி உள்ளே கொண்டுபோனார். அந்த அம்மாள் மேல் எனக்கு மரியாதை கூடியது.

அவர் சிங்கப்பூர் போனார். ஆனால் பழைய வேலைக்கு அல்ல. கயிறு கட்ட இரண்டு கையிலும் ஒரே பிடி வேண்டும். இடது மணிக்கட்டு முழுவதும் திரும்பவில்லை. சாமான் கிடங்கில் போட்டிருக்கிறார்கள். சம்பளம் குறைவு. "வேல இருக்கு சார், அது போதும்" என்று குரல் செய்தி அனுப்பினார். இதை எந்தக் காகிதமும் சரிசெய்யாது.

ஊரில் எனக்கு வேறு கணக்கு நடந்தது. என் மனுவைப் படித்த புதிய ஆய்வாளர், அடுத்த குறுவை அறுவடையில் ஒரு காவலரைப் பாலத்தில் நிறுத்தினார். சாலையில் கொட்டினவர்களையெல்லாம் அள்ளச் சொன்னார்கள். பக்கத்து வயல்காரர் என்னைக் கண்டதும், "இங்கிலீஷ்காரரு தன்னோட நெல்லோட நம்ம நெல்லையும் சேத்து மொழிபெயர்த்துட்டாருப்பா" என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். சிரித்தார்கள். சிரிக்கட்டும். மோட்டார் கொட்டகைப் பக்கத்தில் மேடாக இருந்த இடத்தைச் சமன்படுத்தித் தார்ப்பாய் விரித்துக் காயவைத்தேன். ஒருநாள் மழையில் நனைந்தது. கொள்முதல் நிலையத்தில் ஈரமென்று திருப்பினார்கள். மறுபடி கிளறிக் காயவைத்தேன். மூன்றாவது தடவை எடுத்துக்கொண்டார்கள். மழையும் கொள்முதல் நிலையமும் மாறாதவரை ஊரார் சாலைக்குத்தான் வருவார்கள் என்று எனக்குத் தெரியும். அதற்காக ஆட்சியர் அலுவலகத்துக்கு உலர்களம் கேட்டு மனு எழுதி, ஊராரிடம் கையெழுத்து வாங்கப் போனேன். பாதிப் பேர் போட்டார்கள். மீதிப் பேரிடம் வாங்க இன்னும் போய்க்கொண்டிருக்கிறேன். அந்தப் பக்கத்து வயல்காரர் ஐந்தாவது தடவை போட்டார்; "உங்க தொல்லைக்குத்தான்" என்றார்.

அந்தப் படிக்கல் இப்போது மோட்டார் கொட்டகையிலேயே இருக்கிறது, படியாக. காப்பீட்டு நிறுவனத்திடமிருந்து திருப்பிக் கேட்டு இதுவரை ஒரு கடிதமும் வரவில்லை. வந்தால் கட்டுவேன்.

போன மாதம் அவர் மனைவி என் வீட்டுக்கே வந்தார். வக்கீலிடம் நான் இப்போது இல்லை என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். கையில் ஒரு பிளாஸ்டிக் உறை. கிடங்கு வேலைக்கு மாற்றியதற்கு ஊரிலிருந்து ஒரு மருத்துவச் சான்றும், அவரிடமிருந்து ஒரு விளக்கமும் கம்பெனியில் கேட்டிருக்கிறார்களாம். விளக்கத்தை அவர் தமிழில் எழுதி அனுப்பியிருந்தார். கூடவே தங்கையையும் அழைத்து வந்திருந்தார். அந்தப் பெண் மேல்நிலைப் பள்ளியில் ஆங்கில ஆசிரியை.

"நீங்களே எழுதுங்கய்யா. ஆனா இவ பக்கத்துல உக்காந்து பாப்பா" என்றார் நேராக.

"உக்காரட்டும்மா" என்றேன்.

தங்கைக்குத்தான் சங்கடம். "அக்கா, சாரு எவ்வளவு பெரியவரு…" என்று ஆரம்பித்தாள்.

"பெரியவருதான். நீ பாரு."

தங்கை தமிழ்த் தாளில் விரல் வைத்தாள். நான் ஒவ்வொரு வரியாக எழுதினேன். ஒவ்வொரு வரிக்கும் அவள் விரல் ஒரு வரி கீழே இறங்கியது. ஓரிடத்தில் நிறுத்தி, "சார், இதுல 'இடது'ன்னு இருக்கு, நீங்க இன்னும் எழுதலையே" என்றாள். எழுதப்போகிறேன் என்று எழுதிக் காட்டினேன். தலையசைத்தாள். கீழே உறுதிமொழி எழுதும்போது, 'முழுமையான' என்ற சொல்லுக்கு முன் என் பேனா சற்று நின்றது. அந்த அம்மாள் அதைக் கவனித்தார்.

"ஏதும் விடலையே?" என்றார்.

"விடலம்மா" என்றேன்.

அவர் என்னைப் பார்க்காமல் தங்கையைப் பார்த்தார்.

"எல்லாம் இருக்குக்கா" என்றாள் தங்கை.

அதற்குப் பிறகுதான் உறையைத் திறந்து தாளை உள்ளே வைத்தார்.